வாடகை உயர்வும் ஒரு கடிதமும்

பாதுகாப்புப் பெட்டகத்தின் ஆண்டு வாடகை உயர்ந்த செய்தியை வாடிக்கையாளர் கடிதத்தில் படித்து அறிவது ஒரு வகை. பாஸ்புக்கைப் பதிவு இயந்திரத்தில் இட்டபின், குறைந்துபோன இருப்பைப் பார்த்து அறிவது வேறொரு வகை. உயர்ந்த தொகை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கிளை மேலாளரின் அறைக்குள் வரும் முகம் ஒன்றாக இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய கிளையொன்றில் இரண்டாவது வகையே நிகழ்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பாஸ்புக்கைத் திறந்தபடியே வந்து அமர்ந்தார். "சார், பணம் போனதுகூடப் பரவாயில்லை. முப்பது வருஷமா வர்றேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். எங்களிடம் ஆயத்தமாக விடை இருந்தது: அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தோம், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியிருந்தோம். அக்குறுஞ்செய்தியை அவர் தேடி எடுத்துக் காட்டினார். சேவைக் கட்டணங்கள் மாற்றியமைக்கப்பட்டுள்ளன என்றும், விவரங்களுக்கு இணையதளத்தைக் காண்க என்றும் அதில் இருந்தது. பெட்டகம் என்ற சொல் இல்லை, தொகை இல்லை, உயர்வு என்ற சொல்லும் இல்லை. விதிப்படி நாங்கள் தவறவில்லை என்று சொல்ல வாய் எழவில்லை.

கட்டணத்தை உயர்த்தும் நிறுவனங்கள் 'மாற்றியமைத்தல்', 'சீரமைத்தல்' போன்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வழக்கம். உயர்வு என்று எழுதினால் மனம் வருந்துவார்கள் என்ற அச்சமே காரணம். எங்கள் கருத்து இதற்கு நேர்மாறானது. ஏப்ரல் முதல் நாள் வாடகை எடுக்கப்படும் கிளையாயின், பிப்ரவரி நடுவிலேயே பெட்டகம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். அதன் முதல் வாக்கியத்திலேயே பழைய தொகை, புதிய தொகை, நாள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"தங்கள் பெட்டகத்தின் ஆண்டு வாடகை ஏப்ரல் 1 முதல் ரூ. 2,000-இலிருந்து ரூ. 2,500 ஆக உயர்கிறது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்துத் தாங்கள் இதுவரை செலுத்தியது ரூ. 2,360, இனிச் செலுத்த வேண்டியது ரூ. 2,950. இத்தொகை தங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்தில் எடுக்கப்படும்."

வரியைச் சேர்த்துச் சொல்வது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் 500 ரூபாய் உயர்வு என்று படித்துவிட்டுக் கணக்கில் 590 ரூபாய் கூடுதலாகக் குறைந்திருப்பதைக் காண்பவர், அந்தத் தொண்ணூறு ரூபாயை நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பார். கூட்டாகப் பெட்டகம் வைத்திருப்போருள் முதற்பெயருக்கு மட்டும் கடிதம் அனுப்புவதும் இத்தகைய பிழையே. கணவர் பெயருக்கு வந்த கடிதத்தை அவர் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட, பெட்டகத்தை உண்மையில் திறந்து மூடும் மனைவிக்குச் செய்தி எட்டாத நேர்வுகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடுத்துக் காரணம். எது உண்மையோ அதை மட்டும் எழுத வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட பெட்டக விதிகள் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. பெட்டக அறைக்குள் வந்துபோவோரைக் காட்டும் கேமராப் பதிவுகளை 180 நாளாவது பாதுகாக்க வேண்டும். பெட்டகம் திறக்கப்பட்ட அன்றே உரியவருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பன அவற்றுள் சில. இவற்றால் செலவு கூடியது மெய்யானால் அதைச் சொல்லலாம். கட்டட வாடகை கூடியதுதான் காரணமானால் அதையே சொல்லிவிடலாம். அதை மறைத்து, தங்கள் மேலான பாதுகாப்புக்காக என்று எழுதினால் எவரும் நம்பப் போவதில்லை.

இங்கே ஓர் ஆசை எழும். தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு என்பது அதே விதிகளில் உள்ளது. வாடகை 2,000 ஆக இருந்தபோது 2 லட்சமாக இருந்த பொறுப்பு, 2,500 ஆகும்போது 2.5 லட்சமாகிறது. இதை ஒரு சலுகை போல் கடிதத்தில் விளம்பரப்படுத்தத் தோன்றும். நாங்கள் அதை விரும்பவில்லை. பல பெட்டகங்களில் உள்ள நகையின் மதிப்பு இத்தொகையைவிட மிகுதி. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவிடத்து, இப்பொறுப்பு பொருந்துவதுமில்லை. சொல்வதாயின் வரம்போடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் பிற்பகுதிதான் நல்லெண்ணத்தைக் காப்பது என்பது எங்கள் அனுபவம். உயர்வு வேண்டாம் என்பவருக்கு என்ன வழி என்பதை வங்கியே முன்வந்து எழுத வேண்டும். சிறிய அளவுப் பெட்டகத்துக்கு மாறலாம் என்றால் அதன் வாடகையையும், கிளையில் எத்தனை காலியாக உள்ளன என்பதையும் குறிப்பிட வேண்டும். காலியில்லாத பெட்டகத்தைக் காட்டி ஆறுதல் சொல்வது இரண்டாவது மனவருத்தத்துக்கு வித்திடும். முன்கூட்டி வாடகை செலுத்தியவர் இடையில் பெட்டகத்தை ஒப்படைத்தால் எஞ்சிய காலத்துக்குரிய வாடகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 2,500 செலுத்தி நான்கு மாதம் கழித்து ஒப்படைப்பவருக்கு எட்டு மாத வாடகையாகிய ஏறத்தாழ 1,667 ரூபாய் திரும்ப வரும். வெளியேறும் வாயிலைக் காட்டினால் எல்லோரும் போய்விடுவர் என்று எங்கள் சக அலுவலர்கள் சிலர் அஞ்சியதுண்டு. அவ்வாறு எழுதிய ஆண்டில் எங்கள் கிளையில் மிகச் சிலரே ஒப்படைத்தனர். அவர்களிலும் சிலர் வேறு ஊருக்குக் குடிபெயர்பவர்கள்.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். கடிதம் கண்டவர்களுள் சிலர் நேரில் வந்து வாதிடுவர். நெடுநாளைய வாடிக்கையாளர், பெரிய வைப்புத்தொகை வைத்திருப்பவர், மேலாளரின் நண்பர் எனப் பலர். மேலாளருக்குச் சலுகை தரும் அதிகாரம் ஓரளவு இருக்கும் கிளையில், வாதிட்டவருக்குப் பழைய வாடகையே தொடரட்டும் என்று விட்டுவிடுவது எளிது. நாங்களும் ஒருமுறை அவ்வாறு செய்ததுண்டு. ஒரே தெருவில் வசிக்கும் இருவர் பேசிக்கொண்டபோது செய்தி வெளிப்பட்டது. மறுப்புச் சொல்லாமல் பணம் கட்டியவர் வந்து, "அப்போ சத்தம் போடாததுதான் என் தப்பா?" என்று கேட்டார். நெடுநாளைய வாடிக்கையாளருக்குச் சலுகை உண்டென்றால், எத்தனை ஆண்டு, எவ்வளவு என்பதைக் கடிதத்திலேயே அச்சிட்டுக் கேளாதவருக்கும் தர வேண்டும். இல்லையென்றால் எவருக்கும் இல்லை. இந்தக் கண்டிப்பால் ஓரிருவரின் கோபத்தை ஏற்க நேரிடும் என்பது உண்மை. அமைதியாக இருப்பவரின் விசுவாசத்தில் கைவைப்பதைவிட அது மேல் என்பதே எங்கள் துணிபு.

அறிவிப்புச் சரியாகச் சென்றதா என்பதை அறியக் கிளையில் ஓர் எளிய அடையாளம் உண்டு. பணம் எடுக்கப்பட்ட பின் வரும் இரு வாரங்களில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் போதும். "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் கடிதம் சென்று சேர்ந்திருக்கிறது. "இது என்ன தொகை?" என்று கேட்டால் சேரவில்லை. கடிதம் அனுப்பிய முதல் ஆண்டிலும் எங்களிடம் இரண்டாவது கேள்வி சிலரிடமிருந்து வந்தது. விசாரித்ததில், அவர்கள் வீடு மாறியும் பழைய முகவரியே பெட்டக ஒப்பந்தத்தில் நின்றிருந்தது. சேமிப்புக் கணக்கில் முகவரியை மாற்றியவர்கள்கூடப் பெட்டகத்துக்கும் மாறிவிட்டதாக எண்ணியிருந்தனர். தங்கள் பெட்டக ஒப்பந்தத்தில் உள்ள முகவரியும் கைப்பேசி எண்ணும் இப்போதையவைதாமா என்பதை அடுத்தமுறை கிளைக்கு வரும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.