பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்படும் கணக்கு

பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில் நம்மவர் பலர் பொறுமையோடு கடந்து செல்லும் பகுதி ஒன்று உண்டு. அஃது அதிபரின் ஆண்டறிக்கை. தேவாரமும் வரவேற்புரையும் முடிந்து, பிரதம விருந்தினர் பேச எழுவதற்கு முன் அது வாசிக்கப்படும். பரீட்சைப் பெறுபேறுகள் முதலில் வரும். விளையாட்டும் மன்றங்களும் கட்டடத் தேவைகளும் இடையில் வரும். இறுதியில் உப அதிபர் முதற்கொண்டு ஊழியர் ஈறாக யாவர்க்கும் நன்றி கூறப்படும். சபையோர் ஓரிடத்தில் உரக்கக் கைதட்டுவர். ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்றோர் தொகை சொல்லப்படும் இடம் அது. மற்றைய இடங்களிற் கைதட்டு மரியாதைக்கு உரியது.

இவ்வறிக்கையின் தலைப்பகுதிக்கும் இறுதிப்பகுதிக்கும் இன்று யாதொரு தொடர்பும் இல்லாதிருப்பதே அதன் பெருங்குறை என்பது என் எண்ணம். பெறுபேறு யாருடைய உழைப்பால் வந்தது, எங்கே தவறியது என்பதைக் கணக்கு காட்டுமாயின், நன்றி தானே உரியவரைச் சென்றடையும். கணக்கு மங்கலாயின் நன்றியும் மங்கலாகவே இருக்கும்.

அறிக்கை வாசிக்கும் வழக்கம் வெறுஞ் சடங்காகத் தோன்றியதன்று. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளாக நம் இந்துக் கல்லூரிகள் நடந்த காலத்தில், அதிபர் முகாமைச் சபைக்கும் முகாமைக்காரருக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியவராயிருந்தார். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்பின் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அன்றிலிருந்து உத்தியோக முறையான கணக்கு கல்வித் திணைக்களத்துக்குப் போகிறது. பரிசளிப்பு விழா அறிக்கையோ பெற்றாருக்கும் பழைய மாணவருக்கும் கல்லூரி நேரே சொல்லும் ஒரே கணக்காக எஞ்சி நிற்கிறது. ஆதலின் அதனைக் கூர்ந்து கேட்பது நம் கடமைகளுள் ஒன்று.

கூர்ந்து கேட்பது எவ்வாறு என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் யான் அமைத்துக்கொண்டவை. எந்தக் கல்லூரியையும் குறிப்பன அல்ல. ஒரு கல்லூரியில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆறாந் தரத்துக்கு 120 பேர் வீதம் சேர்ந்தனர் என்க. முதற் பிரிவினருள் இருவர் வேறு பாடசாலைக்கு மாறிச் சென்றனர். எஞ்சிய 118 பேரும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினர். உயர்தர வகுப்புக்குத் தகுதி பெற்றோர் 90 பேர். இது நூற்றுக்கு 76. அடுத்த பிரிவிலும் இருவரே மாறிச் சென்றனர். ஆயின் பரீட்சைக்குத் தோற்றினோர் 110 பேர் மட்டுமே. தகுதி பெற்றோர் 88 பேர். இது நூற்றுக்கு 80. அதிபர் எழுந்து, "சென்ற ஆண்டு 76 ஆக இருந்த நூற்றுவீதம் இவ்வாண்டு 80 ஆக உயர்ந்துள்ளது" என்று கூறுவார். கூறியதிற் பொய் இல்லை. சபையும் மகிழும்.

ஆனால் உயர்தர வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் 90 பேரிலிருந்து 88 பேராகக் குறைந்திருக்கின்றனர். நூற்றுவீதம் உயர்ந்ததற்குக் காரணம், தோற்றியோர் தொகை எட்டால் குறைந்தமையே. அந்த எட்டுப் பேரும் எங்கே? மூவர் ஒன்பதாந் தரத்திலோ பத்தாந் தரத்திலோ வருகையை நிறுத்தியவர். ஐவர், "இம்முறை வேண்டாம், அடுத்த முறை எழுதலாம்" என்று சொல்லப்பட்டவர். கல்லூரியில் இருந்திருக்க வேண்டிய 118 பேரையும் அடியாக வைத்துக் கணித்தால், முன்னையது 76, பின்னையது 75க்குச் சற்றுக் குறைவு. முன்னேற்றம் என்று கைதட்டப்பட்டது உண்மையில் ஒரு சிறு சறுக்கல். எட்டுப் பேரோ அறிக்கையில் எந்த வரியிலும் இல்லை. அவர்களுடைய தாய் தந்தையர் விழாவுக்கு வந்திருக்கவும் மாட்டார்கள்.

இதனைக் கண்டறிய நுண்ணிய கணிதம் வேண்டியதில்லை. நூற்றுவீதம் சொல்லப்படும்போது, 'எத்தனை பேரில்?' என்று கேட்டல் வேண்டும். விடை கிடைத்தபின், 'ஆறாந் தரத்தில் எத்தனை பேர் இருந்தனர்?' என்று மற்றுமொரு முறை கேட்டல் வேண்டும். இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கல்லூரி ஒவ்வொரு பெயராக விளக்க வல்லதாயின், அக்கல்லூரி தன் பிள்ளைகளை அறிந்திருக்கிறது என்று கொள்ளலாம். வரவு இடாப்பும் சேர்வு இடாப்பும் அலுவலகத்திலேயே இருக்கின்றன. புதிதாகத் திரட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

உயர்தரப் பெறுபேற்றிலோ மயக்கம் வேறு வகையானது. அங்கே 'ஏ' சித்திகளின் தொகை எண்ணப்படுகிறது. வினாத்தாள் கடினமாயின் அத்தொகை எங்கும் குறையும். எளிதாயின் எங்கும் பெருகும். பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் கையாளப்படும் இசட் புள்ளி இக்குறையை ஒருவாறு நீக்குகிறது. பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பதே அதன் முறை. பௌதிகவியலிற் சராசரி 40, நியம விலகல் 20 ஆயின், 60 பெற்றவனின் இசட் புள்ளி 1. அவன் சித்தி 'சி'. மறு ஆண்டு வினாத்தாள் கடினமாகிச் சராசரி 30 ஆக இறங்கினால், 50 பெற்றவனுக்கும் இசட் புள்ளி 1 தான். ஆனால் அவன் சித்தி 'எஸ்'. இருவர் நிலையும் ஒன்றே. எழுத்தை எண்ணுவோர் பௌதிகவியல் ஆசிரியரைக் குறை கூறுவர். இசட் புள்ளியை நோக்குவோர் அவர் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை என்று அறிவர். பாடந்தோறும் கல்லூரி மாணவரின் சராசரி இசட் புள்ளியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அருகருகே தருதல் ஓர் அதிபருக்கு அரைநாள் வேலை.

ஆண்டைத் தெளிவாகக் குறித்தலும் வேண்டும். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 சனவரியிலேதான் தொடங்கியது. "இவ்வாண்டுப் பெறுபேறு" என்ற சொல் எந்தப் பிள்ளைகளைக் குறிக்கிறது என்பது இத்தகைய காலங்களிற் கேட்போர்க்கு விளங்குவதில்லை.

இனி நன்றிக்கு வருவோம். முன் கூறிய உதாரணத்தில் 110 பேருள் தகுதி பெறாதவர் 22 பேர். முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் மூன்றில் 'சி' அல்லது அதற்கு மேலும் பெறல் வேண்டும் என்பது பொது விதி. அந்த 22 பேருள் 15 பேர் கணிதம் ஒன்றில் மட்டும் 35 புள்ளியை எட்டாதவர் என்று வைத்துக்கொள்வோம். பதினோராந் தரக் கணித ஆசிரியரை நோக்கிக் கண்கள் திரும்புதல் இயல்பு. ஆனால் அப்பிள்ளைகளின் தவணைப் பரீட்சைத் தாள்களை எடுத்துப் பின்னோக்கிச் சென்றால், பெரும்பாலும் ஏழாந் தரத்திலும் எட்டாந் தரத்திலும் பின்னமும் மறையெண்ணும் குறியீட்டுக் கணிதமும் புகும் இடத்தில் அவர்கள் வழிதவறியமை புலனாகும். அடைப்பை நீக்கும்போது குறி மாறுவதை அறியாத பிள்ளைக்குப் பதினோராந் தரத்தில் இருபடிச் சமன்பாடு கற்பிப்பவர் என்செய்வார்? அந்த ஏழாந் தர வகுப்புக்கு இடமாற்றத்தின் காரணமாக ஒரு தவணை முழுவதும் கணித ஆசிரியர் இல்லாதிருந்ததாயின், அதுவும் அறிக்கையில் இடம்பெற வேண்டிய செய்தி. அது குறைகூறலாகாது, ஆசிரியர்க்குச் செய்யும் நீதியாகும்.

நன்றியும் இதே வழியிற் செல்லட்டும். "அர்ப்பணிப்போடு கடமையாற்றிய ஆசிரியர்கள் யாவர்க்கும்" என்ற வாக்கியம் எந்த ஆண்டுக்கும் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். அதனைக் கேட்டு எவரும் நெஞ்சங் குளிர்வதில்லை. பெறுபேற்றின் புகழ் உயர்தர ஆசிரியர்க்குச் செல்கிறது. ஆறாந் தரத்திலிருந்து எட்டாந் தரம் வரை கற்பிப்போர் பெயர் மேடையில் ஒலிப்பதே அரிது. பாடசாலை விட்டபின் வாரத்தில் இரண்டு நாள் எட்டாந் தரத்துப் பின்தங்கிய பிள்ளைகளை வைத்துப் பின்னக் கணக்குச் செய்வித்த ஆசிரியை ஒருவர் இருப்பாராயின், "அவ்வகுப்பில் முதற் தவணையில் 35க்குக் கீழ் நின்ற 26 பேர் மூன்றாந் தவணையில் 11 பேராகக் குறைந்தனர்; அது இன்னாருடைய உழைப்பு" என்று ஒரு வாக்கியம் சொன்னாற் போதும். செய்முறை வகுப்புக்குக் குடுவையும் கரைசலும் நேரத்தில் ஆயத்தமாக வைத்த ஆய்வுகூட உதவியாளரும், பரீட்சை விண்ணப்பத்திற் பெயர்ப்பிழையும் பிறந்த திகதிப் பிழையும் கண்டு திருத்திய இலிகிதரும் இத்தகைய வாக்கியம் ஒவ்வொன்றுக்கு உரியவரே. ஆண்டுதோறும் யாவரையும் இவ்வாறு குறிப்பிடல் இயலாது. ஐந்தாறு பேரைச் செய்த வேலையோடு குறிப்பிட்டால், மற்றையோர் தம் வேலையும் கவனிக்கப்படுகிறது என்று அறிவர்.

இதற்குத் தடைகள் உண்டு; அவை அற்பமானவை அல்ல. மேடையின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் தவறியவரும் இருப்பர். அவர் காதில் தோல்விக் கணக்கை விழாவன்று வாசிப்பது பண்பாகுமா என்று கேட்கப்படும். பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. தொகைகளையும் முழுவதும் வாசிக்க வேண்டியதில்லை. ஒரு பக்க அட்டவணையாக அச்சிட்டு நிகழ்ச்சி நிரலோடு இணைத்தாற் போதும். மற்றொரு தடை இன்னும் வலியது. அயற் கல்லூரி 80 என்று கூறும்போது நாம் 75 என்று கூறினால் பெற்றார் யாது நினைப்பர், மேலதிகாரிகள் யாது கேட்பர் என்ற அச்சம் எந்த அதிபர்க்கும் நியாயமானதே. அந்த அச்சத்தை வளர்த்தவருள் நாமும் உளோம். ஒன்பது 'ஏ' க்குத் தங்கப்பதக்கம் நிறுவிய பழைய மாணவர் எத்தனை பேர்! எட்டாந் தரத்தில் 20 புள்ளியிலிருந்து 45க்கு ஏறிய பிள்ளைக்குப் பரிசு நிறுவ முன்வந்தோர் எத்தனை பேர்?

ஆகவே முதலடி அதிபருடையதன்று, பழைய மாணவர் சங்கத்தினுடையது. அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு முன் சங்கத்தின் செயற்குழு அதிபரைக் கண்டு, மூன்று தொகைகளை அறிக்கையோடு அச்சிடுமாறு கேட்கலாம்: ஆறாந் தரத்திற் சேர்ந்தோர், பரீட்சைக்குத் தோற்றினோர், தகுதி பெற்றோர். அச்சுச் செலவைச் சங்கமே ஏற்கலாம். முதல் ஆண்டில் தொகை எவ்வளவு தாழ்ந்திருப்பினும் அதனைக் குறித்துச் சங்கக் கூட்டத்தில் அதிபர்மீது கண்டனம் எழாது என்ற உறுதியையும் எழுத்திற் கொடுத்தல் வேண்டும். பரிசுநிதிப் பொறுப்பாளரிடம் யான் கேட்பது இன்னுமொன்று: இவ்வாண்டு இடைநிலைக் கணிதத்துக்கு இரண்டு பரிசுகள் ஒதுக்குமாறு. ஒன்று முன்னேறிய பிள்ளைக்கு. மற்றொன்று அப்பிள்ளையின் ஆசிரியர்க்கு.