ஃபார்மேட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம்

61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. மீன்பிடித் துறைமுகத்தில் திரும்பியிருக்கும் பரபரப்பைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு கணினிக் கடைக்காரர் சொன்ன ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை. ‘ஃபார்மேட் போட்ருவோம்’. இந்தச் சொல்மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் கப்பல் வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் வாங்கி வந்த லேப்டாப் அவருடையது. “அண்ணாச்சி, பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கேன். உள்ள போனப்புறம் கேட்டா எடுக்கு. வாசல்ல அடிச்சா தப்புங்குது” என்றார். நான்கு இலக்கப் பின் எண் போட்டால் லேப்டாப் திறக்கிறது. உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றப் போனால், பழைய பாஸ்வேர்டைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறது. லாகின் திரையில் மட்டும் அதே பாஸ்வேர்டு செல்லவில்லை. அழித்துவிடலாம் என்று கடையில் சொன்ன லேப்டாப்பில்தான் அவருடைய கப்பல் சான்றிதழ்களின் நகல்களும் பிள்ளையின் படங்களும் இருந்தன.

பின் எண் வேலை செய்கிறது என்பதே பாதித் துப்பு. லாகின் திரையில் பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் கண் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகள் தெரியும். அவர் பாஸ்வேர்டு `Kadal@61` என்று வைத்துக்கொள்வோம். உண்மையானதை இங்கே எழுத மாட்டேன். கண்ணை அழுத்தியதும் திரையில் தெரிந்தது `Kadal"61`. அவர் விரல் தவறவே இல்லை. ஷிஃப்டோடு 2-ஐத்தான் அழுத்தினார். நம்மூரில் பரவலாக உள்ள அமெரிக்க லேஅவுட்டில் அந்த விசை `@` தரும். பிரிட்டிஷ் லேஅவுட்டில் அதே விசை இரட்டை மேற்கோள் குறியைத் தரும்; `@` அங்கே என்டர் பக்கமாக, ஒற்றை மேற்கோள் விசையில் இருக்கிறது. ஷிஃப்டோடு 3 அழுத்தினால் `#` வராது, பவுண்டு குறி வரும். எண்களும் ஆங்கில எழுத்துகளும் இரண்டிலும் ஒரே இடம்தான். அதனால்தான் பின் எண் தப்பித்தது.

ஊர் வந்ததும் தம்பி தன் கணக்கில் அமெரிக்க லேஅவுட்டைச் சேர்த்து அதையே முதன்மையாக்கிக்கொண்டார். பாஸ்வேர்டை மாற்றியதும் அதில்தான். ஆனால் அந்த மாற்றம் அவர் கணக்கோடு நின்றுவிட்டது. லாகின் திரை வரும்போது உள்ளே வரப்போவது யார் என்று விண்டோஸுக்கு இன்னும் தெரியாது. ஒருவருடைய அமைப்புகள் அவர் உள்ளே நுழைந்த பிறகுதான் ஏற்றப்படும். அதுவரை வாசலுக்கென்று இருக்கும் தனி அமைப்புதான் செல்லும், அது வாங்கிய நாளில் இருந்தபடி பிரிட்டிஷாகவே இருந்தது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இடத்துக்கு எந்த விசையை அழுத்தினோம் என்பது போய்ச் சேராது, அந்த விசை தந்த குறிதான் போகும். வாசலில் மட்டும் விசைகளின்மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அடித்திருந்தால் அவருக்குத் தடையே வந்திருக்காது. கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கும் நல்ல பழக்கம்தான் அவரைச் சிக்க வைத்தது.

கண் படம் இல்லாத கணினியும் உண்டு. பின் எண்ணிலோ வேறு வழியிலோ உள்ளே போக முடிந்தால், கட்டளைச் சாளரத்தில் இந்த இரண்டு வரிகளை அடித்துப் பார்க்கலாம்:

```
reg query "HKU\.DEFAULT\Keyboard Layout\Preload"
reg query "HKCU\Keyboard Layout\Preload"
```

முதல் வரி வாசலுக்கு உரியது, இரண்டாவது உங்கள் கணக்குக்கு உரியது. தம்பியின் லேப்டாப்பில் முதலாவதில் `00000809` வந்தது, அது பிரிட்டிஷ். இரண்டாவதில் 1 என்ற வரிசையில் `00000409`, அது அமெரிக்கன்.

இதைச் சரிசெய்ய `intl.cpl` என்று அடித்தால் ஒரு சாளரம் திறக்கும். அதில் `Administrative` பகுதிக்குப் போய் `Copy settings` என்பதை அழுத்தி, `Welcome screen and system accounts` என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில்தான் இதைச் செய்ய முடியும். அதற்குக் கீழேயே புதிய கணக்குகளுக்கான கட்டமும் இருக்கிறது. வீட்டில் இன்னொருவருக்குக் கணக்கு தொடங்கப்போகிறீர்கள் என்றால் அதையும் டிக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்களும் பிரிட்டிஷ் லேஅவுட்டோடுதான் தொடங்குவார்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வாசலில் பாஸ்வேர்டை அடிக்கும் முன் ஒருமுறை கண்ணை அழுத்தி `@` விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் கப்பலிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். வரும்போது லேப்டாப்பும் வருகிறது. கடைக்காரத் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றே: “பின் எண் எடுக்குதா, பாஸ்வேர்டுல ஏதாவது குறி இருக்கா?” என்று முதலில் விசாரியுங்கள். இரண்டுக்கும் ‘ஆமா’ என்று பதில் வந்தால் அந்த லேப்டாப்பில் எதையும் அழிக்காதீர்கள்.