காய்ந்த துணியைக் கீழே போடுங்கள், சாமிகளா!

நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை ஆறரை மணிக்கு ஷிப்ட் பஸ் சத்தத்துக்கு அடுத்தபடியாக ஒரு சத்தம் கேட்கும். 'சரக்... சரக்...' என்று. புங்க மரத்தடியில் நிற்கும் காரின் பானெட்டில் ராத்திரி விழுந்த காக்கா எச்சத்தை, யாரோ ஒரு அங்கிள் பழைய பனியன் துணியால் தேய்த்துக் கொண்டிருப்பார். தண்ணீர் கிடையாது. பலம் மட்டும்தான். அதே நேரத்தில் மாடி பால்கனியில் ஒரு அம்மா காய்ந்த புறா எச்சத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுவார். வெள்ளைப் பொடி பறக்கும். இரண்டு பேரும் முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்து ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "இந்த மரத்தை வெட்டினாத்தான் விடிவு!"

இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரானது. என் கட்சி ரொம்பச் சின்னது: நம் கிரில்லையும் தரையையும் காரையும் கெடுப்பதில் பாதிக்கு மேல் பறவையின் வேலை இல்லை. காய்ந்ததைக் காய்ந்தபடியே தேய்க்கும் கையும், கழிவறை ஆசிட் பாட்டிலும் செய்கிற வேலை. சும்மா சொல்லவில்லை. நானே செய்து கெட்டவன்.

போன வருஷம் கத்திரி வெயில் சமயம். அப்பா ஆசையாக வாங்கிய பழைய கார், கருநீல நிறம். கடைத்தெருவில் வெட்டவெளியில் பதினோரு மணிக்கு நிறுத்தினோம், மூன்று மணிக்கு எடுத்தோம். நடுவில் ஏதோ ஒரு பறவை பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஆசீர்வாதம் செய்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகக் காய்ந்த துணியை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். எச்சம் போனது. அதனுடன் அப்பா முகத்தில் இருந்த சிரிப்பும் போனது.

பானெட்டில் இரண்டு விதமான காயம் இருந்தது. ஒன்று, நான் தேய்த்த திசையிலேயே ஓடும் மெல்லிய கீறல்கள். இன்னொன்று, எச்சம் விழுந்த வடிவத்திலேயே, ஓரம் மேடிட்ட ஒரு மங்கல் வளையம். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். கீறல் கையின் திசையில் இருக்கும், அரிப்பு எச்சத்தின் வடிவத்தில் இருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் எது எது என்று உடனே தெரியும். குற்றவாளி யார் என்பதும் தெரியும். என் பானெட்டில் கீறல்தான் அதிகம்.

கீறல் ஏன் விழுகிறது? பறவைகளுக்குப் பல் கிடையாது. தானியம் தின்னும் பறவைகள் மணலையும் சிறு கல்லையும் விழுங்கி, அதைக் கொண்டுதான் இரைப்பையில் அரைக்கின்றன. அதில் கொஞ்சம் எச்சத்தோடு வரும். விதைத் துணுக்கும் இருக்கும். இதன் மேல் நம்ம ஊர்த் தூசி வேறு. முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டாலும் சுரங்கமும் மற்ற நிலையங்களும் ஓடுகிற ஊர் இது. நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா உண்டு, அது பெயின்டைக் கீறும். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு சுமார் 40, 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடித் தடிமன்கூட இல்லை. அதன் மேல் மணலையும் சாம்பலையும் வைத்துத் துணியால் அழுத்தினால் அதற்குப் பெயர் துடைப்பது அல்ல, உப்புத்தாள் போடுவது.

சரி, வளையம்? "எச்சத்துல ஆசிட் இருக்கு தம்பி, அது தின்னுடும்" என்பது பொதுவான விளக்கம். அதில் யூரிக் அமிலம் இருப்பது உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பலவீனமான அமிலம். 2009, 2010 வாக்கில் ஈரானிய ஆய்வாளர்கள் கார் பூச்சின் மேல் எச்சத்தையும், அதற்குப் பதிலாகப் பான்கிரியாட்டின் என்ற செரிமான நொதிக் கலவையையும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டும் ஒரே மாதிரியான சேதத்தைக் காட்டின. செரிமான நொதிகள் பூச்சின் வேதிப் பிணைப்பை அறுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. இத்துடன் வெயிலும் கூட்டுச் சேர்கிறது. சூட்டில் பூச்சு இளகி விரிகிறது. மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் குளிரும்போது பூச்சு அந்த எச்சத்தின் மேடுபள்ளத்தை அச்சு எடுத்தது போல் சுருங்குகிறது. மங்கலாகத் தெரிவது அந்த அச்சுதான்.

இப்போது மரம் வெட்டும் கட்சிக்கு ஒரு கேள்வி. சேதத்துக்குச் சூடு வேண்டும் என்றால், சூட்டைத் தடுப்பது எது? நிழல். அதைத் தருவது அந்தப் புங்க மரம்தான்! மரத்தடியில் எச்சம் அதிகம் விழும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிழலில் விழுந்தது மெதுவாகத்தான் கெடுக்கும், கழுவ நேரம் தரும். வெட்டவெளியில் விழுந்த ஒன்றே ஒன்று நான்கு மணி நேரத்தில் என் பானெட்டை முடித்துவிட்டது. பறவைகள் கூட்டமாக அடையும் கிளை நேர் மேலே இருந்தால் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். அதற்குக் கோடரி வேண்டாம், சாவி போதும்.

காரில் செய்ய வேண்டியது இதுதான். பானெட் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். டிஷ்யூ பேப்பரையோ மெல்லிய பருத்தித் துணியையோ, இரண்டு சொட்டு கார் ஷாம்பூ விட்ட தண்ணீரில் நனைத்து எச்சத்தின் மேல் போர்த்துங்கள். பத்து நிமிடம். நடுவில் காய்ந்தால் இன்னொரு முறை நனையுங்கள். பிறகு தேய்க்காமல், ஓரத்திலிருந்து கிள்ளி எடுப்பது போல அப்படியே தூக்குங்கள். மிச்சம் இருந்தால் புதுத் துணி, இன்னொரு பத்து நிமிடம். கடைசியில் ஒரு மக் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். இதில் உழைப்பே கிடையாது, காத்திருப்பதுதான் வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லை!

கழுவிய பிறகும் வளையம் தெரிந்தால், லேசானதை மெல்லிய பாலிஷ் எடுத்துவிடும். ஆனால் பாலிஷ் என்பதே பூச்சைச் சீவுவதுதான், அந்த 40 மைக்ரானில் இருந்துதான் கடன் வாங்குகிறோம். காக்கா கால் போல வெடிப்பு விட்டிருந்தால் பாலிஷ் போட்டும் பயனில்லை, அந்தப் பகுதிக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதுதான் வழி. எங்கள் காரில் கீறல் பெரும்பாலும் போனது. வளையம் இன்னும் இருக்கிறது. சாயங்கால வெயிலில் அப்பா அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

பால்கனிக்கு வருவோம். இங்கே ஆபத்து பொருளுக்கு அல்ல, நுரையீரலுக்கு. காய்ந்த புறா எச்சத்தைப் பெருக்கினால் பறக்கும் பொடியில் பூஞ்சைகளும் கிருமிகளும் இருக்கலாம். புறாவின் புரதத்தையே திரும்பத் திரும்ப மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வந்து, கவனிக்காமல் விட்டால் நிரந்தரத் தழும்பாகும். வறட்டு இருமலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதுமாக ஆரம்பிக்கும். தினமும் பெருக்குவது யார்? அம்மா, அல்லது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. முகத்தில் ஒரு துணிகூட இருக்காது. "சுத்தமா பெருக்கிட்டேன்" என்கிறோமே, தரை சுத்தமானது சரி, அழுக்கு எங்கே போனது என்று யோசித்தோமா?

ஆகவே முதல் விதி, விளக்குமாறு எடுக்கும் முன் தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்துப் பதினைந்து, இருபது நிமிடம் ஊறவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் அதுவே பொடியைக் கிளப்பும். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பழைய ஏடிஎம் கார்டால் வழித்து ஈரமாகவே பையில் கட்டுங்கள்.

கிரில்லில் கம்பிகள் சேரும் வெல்டிங் மூலைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் எடுங்கள் (இங்கே மட்டும் காய்ந்த துணிக்கு அனுமதி!). எச்சத்தின் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து அந்த மூலையில்தான் துருவைத் தொடங்கும். மூலைக்குக் கீழே பழுப்புக் கோடு வழிந்திருந்தால் பெயின்டுக்கு அடியில் துரு வந்துவிட்டது என்று அர்த்தம். உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, பிறகு எனாமல். நேராக மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உரிந்து வரும். 'புறாதான் துருவுக்குக் காரணம்' என்று முடித்துவிடாதீர்கள். 2007-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பெரிய இரும்புப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தபோதும் புறா எச்சத்தின் மேல் பழி விழுந்தது. 2008-ல் விசாரணை முடிந்தபோது தெரிந்தது, இணைப்புத் தகடுகளை வடிவமைத்தவர்களே வேண்டிய தடிமனில் பாதிதான் போட்டிருந்தார்கள் என்று. மனிதன் தப்புக்குப் புறா சாட்சி சொல்லவா முடியும்?

கடைசியாக டைல்ஸ். இங்கேதான் ஆசிட் பாட்டில் வரும். வெள்ளைக் கறைக்குக் காரணமான யூரிக் அமிலமும் அதன் உப்புகளும் அமிலத்தில் கரையாது, சொல்லப்போனால் அமிலம் பட்டால் அந்த உப்பு இன்னும் கரையாத யூரிக் அமிலமாகவே மாறும். எலுமிச்சையும் வினிகரும் அதே கதைதான். காரம்தான் அதை இளக்கும். ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கலந்து, ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆசிட் என்ன செய்யும்? டைல்ஸின் பளபளப்பு தப்பித்துவிடும், இடுக்கில் உள்ள சிமென்ட் நுரைத்துக் கரையும். பழைய குவார்ட்டர்ஸ் மொசைக் தரை என்றால் அதிலுள்ள சலவைக்கல் துண்டுகளே கரைந்து நிரந்தரமாக மங்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு வரும், மூடிய பால்கனியில் அது விளையாட்டு அல்ல.

பழைய கறையில் எச்சத்தின் நிறம் சிமென்ட் இடுக்குக்குள் இறங்கியிருந்தால் இந்த முறையிலும் முழுதாகப் போகாது. இடுக்கைச் சுரண்டிப் புதுசு பூசுவதுதான் வழி. அற்புதம் எதுவும் என்னிடம் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது பானெட் வளையத்தைக் காட்டித்தான் தம்பிக்குப் பாடம் நடக்கிறது. மாடி வீட்டு அங்கிள் இன்னும் 'சரக் சரக்'தான். நேற்று ஒரு மக் தண்ணீரை நீட்டினேன். "இதுக்கெல்லாம் ஏன் தம்பி தண்ணிய வீணாக்கற?" என்றார். ஒரு மக் தண்ணீர் வீண், ஒரு மரம் வெட்டலாமாம். என்னத்தைச் சொல்ல!