தட்டையான கோடு சொல்லும் பொய்

தூரிகையற்ற மோட்டாரின் கட்டுப்பாடு பற்றி இந்தியப் பொறியியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். கிடையச்சில் நேரம், நெட்டச்சில் i_q. ஒரு படியேற்றம், அதன்பின் அசைவற்ற தட்டையான கோடு. படத்தின் கீழ், ‘குறைவேகத்தில் முறுக்குவிசை அலைவு பெருமளவு குறைக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும். தேர்வாளர் தலையசைக்கிறார், பட்டம் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோடு முறுக்குவிசையைப் பற்றி எதையும் நிறுவவில்லை. கட்டுப்படுத்தி தன் அளவீட்டையே தான் சரிபார்த்துக்கொண்டதன் பதிவு அது.

புலத்திசைக் கட்டுப்பாட்டின் அடிப்படை எளிது. இரு கட்டங்களின் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. மூன்றின் கூட்டுத்தொகை சுழியம் என்பதால் மூன்றாவது கணக்கில் கிடைத்துவிடுகிறது. கிளார்க் உருமாற்றம் அவற்றை நிலையான இரு அச்சுகளுக்குக் கொண்டுவருகிறது. பார்க் உருமாற்றம் என்கோடர் தரும் கோணத்தைக் கொண்டு அவற்றை ரோட்டரோடு சுழலும் அச்சுகளுக்கு மாற்றுகிறது. அங்கே i_d காந்தப்புலத்தின் திசையில் நிற்கிறது. I_q முறுக்குவிசையைத் தருகிறது. இரண்டு பிஐ கட்டுப்படுத்திகள் இவ்விரண்டையும் கேட்ட மதிப்பில் நிறுத்துகின்றன. ஆக, இந்தக் கட்டுமானம் முழுவதும் அளக்கப்பட்ட இரண்டு எண்களின் மீது நிற்கிறது. அந்த எண்களே பிழைபட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வேடுகள் எழுப்பாத வினா.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 காடி, 14 துருவம் கொண்ட மோட்டார். அதாவது 7 துருவ இணைகள். மின்னோட்டத்தை அளப்பது 10 மில்லி ஓம் ஷண்ட்; அதன்பின் 20 மடங்கு பெருக்கி. எனவே 1 ஆம்பியருக்கு 0.2 வோல்ட். பெருக்கியின் வெளியீடு ஒரு கட்டத்தில் மட்டும் 10 மில்லிவோல்ட் விலகி நிற்கிறது என்று கொள்வோம். பலகை சூடாகும்போது இவ்வளவு நகர்வது அரிதன்று. மின்னோட்டக் கணக்கில் அது 50 மில்லி ஆம்பியர்.

இந்த விலகல் நிலையான அச்சில் அசையாத ஒரு திசையன். கிளார்க் உருமாற்றத்தில் i_β = (i_a + 2·i_b)/√3 என்பதால், முதல் கட்டத்தின் பிழை இரு அச்சுகளிலும் பரவி, அதன் நீளம் 2/√3 மடங்காகி, ஏறத்தாழ 58 மில்லி ஆம்பியர் ஆகிறது. ரோட்டரோடு சுழலும் அச்சிலிருந்து பார்த்தால் இதே திசையன் ஒவ்வொரு மின்சுழற்சிக்கும் ஒருமுறை பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியும். பிஐ கட்டுப்படுத்தி இதை உண்மையான அலைவு என்று நம்புகிறது, அதை அழிக்கிறது. எப்படி அழிக்கிறது? மோட்டாருக்குள் அதற்கு நேரெதிரான உண்மை அலைவைச் செலுத்தி. அளவீட்டில் கோடு தட்டையாகிறது. தண்டில் முறுக்குவிசை ஏறி இறங்குகிறது. சுமை மின்னோட்டம் 0.5 ஆம்பியராக இருந்தால், அலைவு நடுமதிப்பின் இருபுறமும் ஏறக்குறைய 12 விழுக்காடு.

நிமிடத்துக்கு 10 சுற்று வேகத்தில் இந்த அலைவின் அதிர்வெண் ஏறத்தாழ 1.17 ஹெர்ட்ஸ். மின்னோட்டச் சுற்றின் பட்டையகலம் 1000 ஹெர்ட்ஸாக இருந்தாலும், புதிய வழிமுறை ஒன்றைக் கொண்டு அதை 3000 ஆக்கினாலும், பயன் ஒன்றே: தவறான அளவீடு முழு விசுவாசத்தோடு பின்பற்றப்படும். 3000 சுற்றில் இதே பிழை 350 ஹெர்ட்ஸில் இருக்கும். அங்கே ரோட்டரின் நிலைமம் அதை மூடி மறைத்துவிடும். குறைவேகத்தில் மோட்டார் ‘முரண்டு பிடிப்பதாக’ப் பலர் எழுதுகிறார்கள். பிழை எப்போதும் இருந்தது. குறைவேகம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

இங்கே ஒரு மறுப்பு எழும்: குறைவேகத்தின் பெரும் குற்றவாளி இன்வெர்ட்டரின் டெட் டைம் அல்லவா? எண்கள் அதை ஆதரிப்பதுபோலவே தோன்றும். 24 வோல்ட் மூலம், 20 கிலோஹெர்ட்ஸ், 1 மைக்ரோ நொடி டெட் டைம் என்றால் ஒரு கட்டத்தின் சராசரி மின்னழுத்தப் பிழை 0.48 வோல்ட். வோல்ட்டுக்கு 100 சுற்று என்ற மோட்டாரில் 10 சுற்றின் பின்மின்னழுத்தம் 0.1 வோல்ட் மட்டுமே. பிழை, சைகையைவிடப் பெரிது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டெட் டைம் மின்னழுத்தத்தைக் கெடுக்கிறது. அதனால் மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றம் அளவீட்டில் தெரிகிறது. தெரிவதைச் சாதாரண பிஐ கட்டுப்படுத்தியே குறைவேகத்தில் பெரும்பகுதி திருத்திவிடும். மின்னோட்டம் சுழியத்தைக் கடக்கும் இடங்களில் சிறு நெளிவு எஞ்சும். புதிய வழிமுறைகள் வெற்றி கொண்டாடுவது பெரும்பாலும் இந்தப் பிழையின் மீதுதான்: கட்டுப்படுத்தியால் பார்க்க முடிந்த பிழையின் மீது. பார்க்க முடியாதது அப்படியே இருக்கிறது.

பார்க்க முடியாதவற்றில் இன்னொன்று, காந்தத்துக்கும் காடிப் பற்களுக்கும் இடையிலான ஈர்ப்பால் எழும் கோகிங். மின்னோட்டம் பழுதின்றி இருந்தாலும் அது இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் திருப்பினாலும் விரலுக்குத் தெரியும்.

குற்றவாளியை இனங்காண விலையுயர்ந்த முறுக்குவிசை உணரி கட்டாயமன்று. நல்ல நுண்மையுள்ள என்கோடர் போதும். வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, வேக அலைவை நேரத்துக்கு எதிராக அல்லாமல் தண்டின் கோணத்துக்கு எதிராக வரைந்து, ஒரு சுற்றில் எத்தனை முறை என்று எண்ணினால் எடுத்துக்காட்டு மோட்டார் தானே வாக்குமூலம் கொடுக்கும். 7 என்றால் அளவீட்டு விலகல். 14 என்றால் இரு உணரிகளின் பெருக்கம் சமமில்லை. 84 என்றால் கோகிங். 12, 14 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு அது. 42 வந்தால் மட்டும் இருவர்மீது ஐயம் விழும்: டெட் டைம், அல்லது பின்மின்னழுத்தத்தின் ஐந்தாம், ஏழாம் சீரிசைகள். சுமையைக் கூட்டும்போது அதே விகிதத்தில் வளர்ந்தால் சீரிசைகள். பிஐ பெருக்கத்தைக் கூட்டும்போது குறைந்தால் டெட் டைம். சுமைச் சோதனை முதல் இரண்டையும் பிரித்து உறுதிசெய்யும்: விலகலின் அலைவு சுமையோடு மாறாது, பெருக்க வேறுபாட்டின் அலைவு சுமையோடு வளரும்.

மருந்தும் நோய்க்கேற்பவே அமையும். விலகலுக்கு, மின்னோட்டமில்லாத நிலையில் ஆயிரக்கணக்கான மாதிரிகளின் சராசரியை எடுத்துக் கழிக்க வேண்டும். பலகை சூடானபின் மீண்டும் எடுக்க வேண்டும். கோகிங்குக்கு, கோணவாரியான ஈடுசெய் அட்டவணை வேண்டும். இவற்றில் எதுவும் புதிய வழிமுறை அன்று. ஆகவே எதுவும் ஆய்வுக்கட்டுரை ஆவதில்லை. சறுக்கு நிலைக் கட்டுப்பாடும் நரம்பு வலையமும் தலைப்பில் இடம்பெறுகின்றன. உணரிகள் பிழையற்றவை என்ற அனுமானம் உருவகப்படுத்தலுக்குள் யாரும் கேட்காமல் ஒளிந்துகொள்கிறது.

ஈடுசெய்த மோட்டாரில் வேகத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு i_q-வைப் பதிவுசெய்தால், கோடு தட்டையாக இருக்காது. கோகிங்கை எதிர்த்து அது 84 முறை நெளியும். தண்டு சீராகச் சுழல்வதற்குக் கொடுக்கப்படும் விலை அந்த நெளிவு. வாய்மொழித் தேர்வில் தட்டையான i_q காட்டப்படும்போது, தேர்வாளர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கோட்டை வரைந்த அளவுகோல் எது, அதை அளந்தவர் யார்?