ஸ்ட்ராங் ரூமுக்கு ஏன் இரண்டு சாவி?

வாரத்துக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது. ஓய்வூதியர் சங்கத்தில் ஒன்று, குடியிருப்போர் சங்கத்தில் ஒன்று. மேடையில் ஒருவர் ஏறி, "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள், விழிப்போடு இருங்கள்" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு, கேசரி, காபி முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். இந்தக் கூட்டங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏமாறவே மாட்டோம் என்ற நினைப்பை வளர்த்துவிட்டு, ஏமாந்தால் எவ்வளவு போகும் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை.

நான் 32 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அங்கே யாரும் யாருடைய விழிப்பையும் நம்பி வேலை செய்யவில்லை. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். மேனேஜர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் தனியாகத் திறக்க முடியாது. கேஷியர் கையில் இவ்வளவுதான் பணம் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. மீறினால் உள்ளே கட்டியாக வேண்டும். கேஷியர் திருடன் என்பதால் அல்ல; ஒருநாள் ஏதாவது நடந்தால், போவது சிறிய தொகையாக இருக்கட்டும் என்பதால். தன் பணத்துக்கு வங்கி இப்படி ஏற்பாடு செய்துகொள்கிறது. நம் பணத்துக்கு மட்டும் "விழிப்போடு இருங்கள்" என்ற உபதேசமாம்!

என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார். "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று செய்தி வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினார். அவர்கள் அனுப்பிய செயலியைப் போனில் ஏற்றினார். அதன்பின் அவர் போன் திரை அவனுக்கும் தெரிந்தது, வந்த எஸ்.எம்.எஸ். எல்லாம் அவனுக்கும் போனது. இதுவரை நாம் நூறு முறை கேட்ட கதைதான். அடுத்ததுதான் முக்கியம்.

அவருடைய பென்ஷன் கணக்கில் இருந்தது 1 லட்சத்து 40 ஆயிரம். போனதோ 14 லட்சத்துக்கு மேல். எப்படி? டெபாசிட்டுகளும் அதே வங்கியில், அதே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் இருந்தன. நெட் பேங்கிங்கில் போட்ட டெபாசிட்டைப் பல வங்கிகளில் நெட் பேங்கிங்கிலேயே முன்கூட்டி முடித்துவிடலாம். அவன் ஒவ்வொன்றாக முடித்தான். பணம் பென்ஷன் கணக்குக்கு வந்தது. அங்கிருந்து வெளியே போனது. நாள் வரம்பு வங்கி வைத்தபடியே, ஒரு நாளைக்கு 10 லட்சமாக இருந்தது. 11 மணிக்கு ஒரு பகுதி, 12 மணி தாண்டி, புது நாள் பிறந்ததும் மிச்சம். மாதம் 35 ஆயிரம் செலவு செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் அனுப்பும் வரம்பு எதற்கு? அவர் கேட்கவில்லை. வங்கியும் கேட்கவில்லை.

இனி அவருக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு. போன ஒரு வருஷத்தில் ஒரே நாளில் அவர் அதிகபட்சம் அனுப்பிய தொகை 22 ஆயிரம். ஆக நெட் பேங்கிங் வரம்பு 25 ஆயிரம் போதும். யு.பி.ஐ.க்குப் பொதுவான உச்சம் நாளொன்றுக்கு 1 லட்சம். காய்கறிக்கும் மருந்துக்கும் 10 ஆயிரமே தாராளம். கார்டில் ஆன்லைன் வசதியையும் வெளிநாட்டு வசதியையும் அணைத்து வைக்கலாம். இப்படி அணைக்கவும் வரம்பு வைக்கவும் வசதி தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இதில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில்: யு.பி.ஐ., நெட் பேங்கிங், கார்டு மூன்றுக்கும் வரம்பு தனித்தனி. ஒன்றைப் பூட்டி இரண்டைத் திறந்து வைத்தால் பூட்டியதற்குப் பலன் இல்லை. மூன்றையும் கூட்டினால் வருவதுதான் ஒரு நாள் நஷ்டம். நள்ளிரவைக் கணக்கில் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. நண்பருக்கு 35 ஆயிரம், அல்லது 70 ஆயிரம். வலிக்கும், ஆனால் 14 லட்சம் இல்லை.

"அவனே வரம்பை உயர்த்திவிட்டால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நீங்களே ஒருநாள் உயர்த்திப் பாருங்கள். ஒரு ஓ.டி.பி.யில் அந்த நிமிஷமே உயர்ந்துவிட்டால் அந்த வரம்பு வெறும் காகிதக் கதவு. கிளைக்கு வரச்சொன்னாலோ, பல மணி நேரம் காக்க வைத்தாலோ அது நிஜக் கதவு.

காகிதக் கதவு உள்ளவர்களுக்குத்தான் தனிக் கணக்கு அவசியம். தனிக் கணக்கு என்றால் அதே வங்கியில் இன்னொரு பாஸ்புக் அல்ல. வேறு வங்கி. டெபாசிட் எல்லாம் அங்கே. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், நெட் பேங்கிங் வேண்டாம், யு.பி.ஐ. வேண்டாம். கைபேசி எண் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்மார்ட்போனில் உள்ள எண்ணைக் கொடுத்தால் யு.பி.ஐ. செயலியில் அந்தக் கணக்கு தலைகாட்டும். கார்டு இல்லாவிட்டாலும் ஆதார் ஓ.டி.பி. மூலம் பின் நம்பர் போட வழி இருக்கிறது. அதனால் வீட்டில் கிடக்கும் பட்டன் போனின் எண்ணைக் கொடுங்கள். பென்ஷன் கணக்குக்கு மாதம் ஒரு செக் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் கல்லாவில் சில்லறை வைத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டு பீரோவில் பூட்டுகிறாரே, அந்த ஏற்பாடுதான்.

கணக்கை மனைவியோடு சேர்ந்து, இரண்டு கையெழுத்தும் தேவை என்று போட்டேன் நான். "கூட்டாக, அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையைக் கேட்டுப் போடுங்கள். இல்லையென்றால் ஒருவர் போனபின் மற்றவர் அலைய நேரும். "அவசர ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்?" என்று எங்க வீட்டம்மா சண்டை பிடித்தாள். நியாயம்தான். முதலில் மகள் கட்டட்டும், மறுநாள் செக் கொடுப்போம் என்று முடிவானது. பிள்ளைகள் அருகில் இல்லாதவர்கள் பென்ஷன் கணக்கில் சற்றுக் கூடுதலாக வைக்கத்தான் வேண்டும். அசௌகரியம் இல்லாமல் பூட்டு கிடையாது.

எச்சரிக்கைச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்.எம்.எஸ். மட்டும் போதாது. நண்பருக்கு அன்று வந்த செய்திகளை அந்தச் செயலி அவர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது. வங்கி அனுப்பும் மின்னஞ்சலை கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகளும் பார்க்கும்படி வைத்திருந்தால், இரவு 11 மணிக்கே போன் அடித்திருப்பாள். அவர் 1930-க்குச் சொன்னது மறுநாள் காலை 9 மணிக்கு. அதற்குள் பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாண்டிவிட்டது. 1 லட்சத்து 60 ஆயிரத்தைத்தான் நிறுத்திவைக்க முடிந்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது அவர் தலையில் என்றும், சொன்னபின் போவது வங்கியின் பொறுப்பு என்றும் இருக்கிறது. அதனால் 1930-க்கு மட்டுமல்ல, வங்கிக்கும் உடனே சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு தடுக்காதது ஒன்று உண்டு. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டி, நம்மையே கிளைக்கு அனுப்பிப் பணம் போடவைக்கிறார்களே, அதற்கு நாள் வரம்பு குறுக்கே நிற்காது. இரண்டு கையெழுத்து கொஞ்சம் நிற்கும். இருவரையும் சேர்த்தே மிரட்டிவிட்டால் அதுவும் நிற்காது; கவுன்ட்டரில் இருப்பவர் "இவ்வளவு பெரிய தொகை யாருக்கு சார்?" என்று கேட்டால்தான் உண்டு. அப்படிக் கேட்கும் பெண்ணிடம் எரிந்து விழும் நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் நண்பரைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது வங்கிக்குப் போனேன். நெட் பேங்கிங் வேண்டாம், கார்டு வேண்டாம் என்றதும் அங்கிருந்த பையன், "சார், எல்லாம் இலவசம்தான்" என்று மூன்று முறை சொன்னான். கடைசியில் வேண்டாம் என்பதற்கும் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டான். அதன் நகலில் முத்திரை போட்டு வாங்கி நண்பரின் பையில் வைத்தேன்.