முதலில் எடுக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ்

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தால் போதும், வெளிநாட்டுப் படிப்புக்கான வீசா ஆயத்தம் பற்றிய படத்தொகுப்பு ஒன்று மாணவியரின் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படங்கள். முதற்படத்தில் கடவுச்சீட்டு, அடுத்ததில் பல்கலைக்கழக அனுமதி, பிறகு வங்கிப் பணம், மருத்துவப் பரிசோதனை என்று போகும். பிறப்புச் சான்றிதழ் கடைசிக்கு முந்திய படத்தில், 'ஏனைய ஆவணங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக இருக்கும்.

அந்தப் பட்டியலில் விடுபட்டது எதுவும் இல்லை. ஆனால் அதன் வரிசை நமக்கு ஒத்துவராது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தோட்டத்திலும் கடைத்தெருவிலும் வாழும் குடும்பங்களுக்கு முதற்படமாக இருக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ்தான் என்பது என் கருத்து. நம் மாணவியர் பலர் நினைக்கும் பிரித்தானியாவையே எடுத்துக்கொண்டு காரணத்தைச் சொல்கிறேன்.

ஆவணங்களை வரிசைப்படுத்த இரண்டு கேள்விகள் போதும். இதைச் செய்து முடிக்க எவ்வளவு காலம் எடுக்கும்? செய்து முடித்தபின் எவ்வளவு காலம் செல்லுபடியாகும்? கறி சமைக்கும்போது வேக நேரமெடுப்பதை முதலில் போட்டு, முதற்பாலை இறக்கும் நேரத்தில் விடுகிறோம் அல்லவா? அதே கணக்குத்தான். பிறப்புச் சான்றிதழைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். திருத்திய பிறகு அது பழுதாவதில்லை. வங்கிக் கூற்றை வங்கியில் ஒரே நாளில் வாங்கலாம். ஆனால் அது ஒரு மாதத்தில் பயனற்றுப் போகும். முன்னையது முதலில், பின்னையது இறுதியில்.

பிறப்புச் சான்றிதழ் ஏன் இவ்வளவு முக்கியம்? மாணவியின் வயதைக் காட்ட என்று பலர் நினைக்கிறார்கள். வயதுக்குக் கடவுச்சீட்டே போதும். பிறப்புச் சான்றிதழின் வேலை வேறு. பிரித்தானிய மாணவர் வீசாவுக்குக் காட்டும் பணம் மாணவியின் பெயரிலோ, தாய் தந்தையின் பெயரிலோ, சட்டபூர்வப் பாதுகாவலரின் பெயரிலோ உள்ள கணக்கில் இருக்க வேண்டும். தந்தையின் கணக்கைக் காட்டினால், அவர்தான் தந்தை என்பதற்குச் சான்று பிறப்புச் சான்றிதழ். அதோடு, இந்தப் பணத்தை மகளின் படிப்புக்குத் தரச் சம்மதிக்கிறேன் என்று தந்தை ஒப்பமிட்ட கடிதமும் வேண்டும். ஆகவே வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று எழுதப்பட்ட பெயரும் ஒரே ஆளுடையவை என்று, இலங்கையைப் பார்த்தே இராத ஓர் அதிகாரிக்குக் கடதாசியிலேயே விளங்க வேண்டும்.

மலையகத்தில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். தோட்டத்தின் செக்ரோலில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'மகாலெட்சுமி', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'இலட்சுமி' என்று ஒரே தாய்க்கு மூன்று பெயர்கள் இருக்கும். சொல்லக் கேட்டு எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சிங்களத்தில் எழுதியவர் சிங்கள ஒலிக்கேற்ப எழுதியிருப்பார். நம் முஸ்லிம் வீடுகளில் இது இன்னொரு விதம். தந்தையின் பெயர் ஓரிடத்தில் 'முஹம்மது', இன்னோரிடத்தில் 'மொஹமட்', வங்கியில் வெறும் 'எம்.' என்ற முதலெழுத்து. மகளின் பெயரில் 'பாத்திமா' ஓர் ஆவணத்தில் முன்னே வரும், மற்றொன்றில் காணாமலே போகும். ஊருக்குள் இதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வீசா விண்ணப்பத்திலோ, கணக்குக்குரியவர் தந்தைதானா என்ற கேள்வியாக அது மாறிவிடும்.

திருத்தம் செய்ய வழி இருக்கிறது. பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ, அந்தப் பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இருப்பிடம் மஸ்கெலியாவாக இருந்தாலும், பிள்ளை பிறந்தது டிக்கோயா வைத்தியசாலையில் என்றால் பதிவு அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், பழைய பாடசாலைப் பதிவு போன்றவை சான்றாகக் கேட்கப்படும். தாய் தந்தையின் சான்றிதழிலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் இழுபடுவது இதனால்தான்.

சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று அது விளக்கும், பதிவேட்டை மாற்றாது. ஏற்பதும் விடுவதும் பார்க்கும் அதிகாரியைப் பொறுத்தது. வேறு வழி இல்லாதபோது அதை வைக்கலாம். காலம் இருக்கும்போது அதை நம்பியிருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

பதிவு சரியான பிறகே கடவுச்சீட்டு. கடவுச்சீட்டில் ஏறும் ஆங்கில எழுத்து சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்களின் ஆங்கில எழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று விண்ணப்பத்தை ஒப்படைக்குமுன் பாருங்கள். அதன் பின்னர் மொழிபெயர்ப்பு. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பெயர்ப்பு தேவை. மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, திகதி, அவருடைய பெயர், ஒப்பம், தொடர்பு விபரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவரிடம் போகும்போது மகளின் கடவுச்சீட்டுப் பிரதியையும், தந்தையின் பெயர் ஆங்கிலத்தில் உள்ள வங்கிப் பத்திரத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டாவிட்டால் அவர் தமக்குச் சரியென்று பட்ட எழுத்தில் எழுதுவார். நான்காவது பெயர் ஒன்று பிறந்துவிடும். கடவுச்சீட்டுக்கு முன்பே மொழிபெயர்ப்பை முடித்தவர்கள் இரண்டாவது தடவை காசு கட்டுவது இதனால்தான்.

நடுவில் வருவது காசநோய்ப் பரிசோதனை. இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். கொழும்பில் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில் நெஞ்சுப் படம் எடுப்பார்கள். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லுபடியாகும். ஆகவே ஜனவரியிலேயே ஓடிப்போய் எடுப்பது வீண். கடைசி வாரத்துக்கு விடுவதும் ஆபத்து. படத்தில் ஐயம் இருந்தால் சளியை வளர்த்துப் பார்ப்பார்கள். அதன் முடிவு வர இரண்டு மாதம்வரை ஆகலாம்.

இறுதியில் பணம். பணத்தைச் சேர்ப்பது நெடுங்காலக் காரியம். அதைக் காட்டுவதுதான் இறுதி வேலை. மிகுதிக் கல்விக் கட்டணமும், அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை, தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாட்களுக்கு மேல் போகக்கூடாது. கணக்கில் இருந்த ஆகக் குறைந்த மீதியைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். வகுப்பு 2026 செப்டெம்பர் இறுதியில் தொடங்குகிறது. தந்தை ஜூலை 1ஆம் திகதி முழுத்தொகையையும் கணக்கில் இடுகிறார். எதையும் தொடாவிட்டால் ஜூலை 28 அன்று 28 நாள் நிறைகிறது. ஓகஸ்ட் 28 வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜூலை 15 அன்று வீட்டில் ஓர் அவசரம். ஐம்பதாயிரம் எடுக்கிறார், மீதி தேவையான தொகைக்குக் கீழே போகிறது. ஜூலை 18 அன்று திரும்பப் போட்டுவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை கணக்குத் தீர்ந்தது. வீசாக் கணக்கிலோ எண்ணிக்கை ஜூலை 18இல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி ஓகஸ்ட் 14 அன்றுதான் நிறைகிறது. முடிவு வர வழமையாக மூன்று வாரம் என்றால், செப்டெம்பர் வந்துவிடுகிறது. மூன்று நாள் கைமாற்று பதினேழு நாளைத் தின்றுவிட்டது. ஆகவே தேவைக்குச் சற்று மேலாகவே பணம் இருக்கட்டும். விண்ணப்பிக்கும் நாளின் நாணயமாற்று வீதத்தில்தான் ரூபாவைப் பவுணாக மாற்றிப் பார்ப்பார்கள் என்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

எந்தப் பணம் எண்ணப்படாது என்பதையும் பெற்றோர் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாரிலுள்ள அண்ணனின் கணக்கும், மாமாவின் கணக்கும் அவர்கள் பெயரில் இருக்கும்வரை எண்ணப்படா. காணி உறுதியும் நகையும் அப்படியே. தந்தை இன்னும் வேலையில் இருந்தால், அவருடைய ஊழியர் சேமலாப நிதியில் எவ்வளவு சேர்ந்திருந்தாலும் அது கையில் உள்ள பணமாகாது. அண்ணன் உதவுவதாக இருந்தால், அந்தப் பணம் உரிய காலத்தில் பெற்றோரின் அல்லது மாணவியின் கணக்குக்கு வந்து, 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது: பெயர்த் திருத்தம், கடவுச்சீட்டு, மொழிபெயர்ப்பு, காசநோய்ப் பரிசோதனை, வங்கிக் கூற்று. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது இவற்றுக்கு இணையாக நடக்கலாம். பல்கலைக்கழகம் சேர்க்கை உறுதி எண்ணைத் தந்த பின்பே வீசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த எண் வந்த நாளில் பெயர்த் திருத்தத்தைத் தொடங்குகிறவருக்குக் காலம் போதாது.

பாடசாலையிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்கு முன் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பிறப்புச் சான்றிதழ் எப்படியும் அதிபரின் மேசைக்கு வருகிறது. பெற்றோரின் பெயர் அவர்களுடைய அடையாள அட்டையோடு ஒத்திருக்கிறதா என்று அன்றே ஒருவர் பார்த்துச் சொன்னால், திருத்த இரண்டு மூன்று ஆண்டு கிடைக்கும். வெளிநாட்டுக்கே போகாத பிள்ளைக்கும் அந்தத் திருத்தம் வீண்போகாது. தாயின் சேமலாப நிதியைப் பெறும் நாளிலும் இதே பெயர்க் கேள்விதான் எழும்.

அதுவரை காத்திராமல், வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பாயில் விரித்து வையுங்கள். மகள் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும். உம்மாவும் வாப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். வேறுபடும் எழுத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்கு எதைக் கொண்டுபோவது என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும்.