ஆறு என்றால் ஆறு தரமா?



போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் கையொப்பம் வைக்கப் பழகியதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதப் பாடம் நான் திட்டமிட்டு எடுத்ததல்ல. எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு அம்மம்மா கொண்டு வந்த மருந்துப் போத்தலே அந்தப் பாடத்தைத் தொடக்கி வைத்தது.

மகள் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு வயதுப் பேரப்பிள்ளையை அவர்தான் வளர்க்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பரசிற்றமோல் பாணி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் 5 என்று ஓர் இலக்கமும் 6 என்று இன்னோர் இலக்கமும் இருந்தன. இரண்டுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"எனக்கு எழுத்துத்தான் தெரியாது பிள்ளை, இலக்கம் தெரியும். ஆறு எண்டு வடிவாப் போட்டிருந்தது. அதுதான் ஆறு தரம் குடுத்தன்" என்றார்.

துண்டில் எழுதியிருந்தது ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பது. ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம். அப்படியென்றால் கூடியது நான்கு தரம்தான். வீட்டுக்கு வந்த மருத்துவமாது இதைக் கேட்டதும் பிள்ளையைப் போத்தலோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். இரத்தம் சோதித்து, இரண்டு நாள் வைத்துப் பார்த்து, பயமில்லை என்று சொல்லி விட்டார்கள். அம்மம்மா அந்த இரண்டு நாளும் ஒரு சோறும் தின்னவில்லையாம்.

எங்கள் வட்டத்தில் இருப்பவர்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் விட்டுப்போனவர்கள். எழுத்து மறந்தாலும் காசு எண்ணி எண்ணி எல்லோருக்கும் இலக்கம் தெரியும். அதனால் இலக்கத்தைக் கண்டவுடன் விளங்கிவிட்டது என்று நினைத்து விடுகிறோம். இலக்கம் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. மிச்சப் பாதி அதன் பக்கத்தில் இருக்கும் குறியில் இருக்கிறது. அன்று பின்நேரம் முழுவதும் இதைத்தான் படித்தோம்.

முதலில் எல்லோருக்கும் பழக்கமான பஸ் பலகையில் தொடங்கினோம். கரும்பலகையில் 87 என்று எழுதினேன். "இது கொழும்பு பஸ்" என்றார் ஒருவர். "இல்லை, யாழ்ப்பாண பஸ்" என்றார் மற்றவர். இரண்டு பேரும் சரி. போவதற்கும் வருவதற்கும் இலக்கம் ஒன்றுதான். வவுனியாவில் இலக்கத்தை மட்டும் பார்த்து ஏறினால் எதிர்த் திசைக்கும் போய்விடலாம். ஆகவே 87க்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்க்க வேண்டும். முழுப்பெயரும் வாசிக்க முடியாதவர்கள் முதல் எழுத்தைப் பிடித்தால் போதும். 'கொ' என்றால் கொழும்பு, 'யா' என்றால் யாழ்ப்பாணம். சில பலகைகளில் இரண்டு ஊரும் இருக்கும். அப்போது ஏறுமுன் நடத்துனரிடம் "எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுவிடுவதே சரி.

அடுத்ததாக ஒரு பால்மாப் பைக்கற்றைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தோம். அதில் 400 என்று ஓர் இலக்கம் பெரிதாக இருந்தது. ஒரு தங்கச்சி அதுதான் விலை என்றாள். அது நிறை, 400 கிராம். கிராமுக்குப் போடும் ஆங்கில எழுத்துக்குக் கீழே ஒரு கொளுக்கி தொங்கும். விலைக்குப் பக்கத்தில் 'ரூ.' என்றோ அதன் ஆங்கில எழுத்தோ இருக்கும். விலையில் இன்னுமொரு சங்கதி உண்டு. 180.00 என்பதைப் பதினெட்டாயிரம் என்று வாசித்தவரும் எங்களிடையே இருந்தார். புள்ளிக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கமும் சதம். அதைப் பெருவிரலால் மறைத்துவிட்டு வாசித்தால் 180 ரூபா என்று வந்துவிடும். கடைக்காரர் கையால் எழுதும்போது இதையே 180/= என்று போடுவார்.

இவ்வளவும் பிடிபட்ட பிறகுதான் அம்மம்மாவின் போத்தலை மேசையில் வைத்தோம்.

போத்தலில் அச்சடித்தபடி 120 என்றும் 5 என்றும் இருந்தது. 120க்குப் பக்கத்தில் மூன்று கால் உள்ள எழுத்தும் கொளுக்கி எழுத்தும் இருந்தன. அது மில்லிகிராம், மருந்தின் பலம். நாங்கள் அளப்பதற்கு உரியதல்ல. 5க்குப் பக்கத்தில் மூன்று கால் எழுத்தும் ஒரு நேர்கோடும் இருந்தன. அது மில்லி லீற்றர், ஊற்றும் அளவு. 5 மில்லி லீற்றர் பாணியில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பதே அதன் பொருள். எத்தனை மில்லி லீற்றர் கொடுப்பது என்பதை பிள்ளையின் நிறையைப் பார்த்து வைத்தியர் எழுதுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய அளவு எங்கள் பிள்ளைக்குச் சரிவராது.

பிறகு கரண்டிக்கு வந்தோம். ஆளுக்கொரு கரண்டி வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். மருந்தோடு வரும் அளவு மூடியில் 5 வரைக்கும் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஊற்றினோம். ஒரு தேக்கரண்டியில் வழிந்தது, இன்னொன்றில் இடம் மிஞ்சியது. மேசைக்கரண்டியோ அப்படி மூன்று அளவு பிடிக்கும். ஆகவே மருந்துக்கு வீட்டுக் கரண்டி வேண்டாம். அளவு மூடியோ, ஊசி போடாத சிரிஞ்சோ கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்த 6. கொப்பியில் நான்கு வட்டம் கீறினோம். உதிக்கும் சூரியன் காலை 6 மணி, உச்சிச் சூரியன் பகல் 12, இறங்கும் சூரியன் பின்னேரம் 6, நிலா நடுச்சாமம் 12. மருந்து கொடுத்ததும் அந்த வட்டத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டால் பரசிற்றமோலுக்காகப் பிள்ளையை நித்திரையால் எழுப்பத் தேவையில்லை. குளிசை உறையில் 8 மணித்தியாலம் என்றிருந்தால் மூன்று வட்டம், 12 என்றிருந்தால் இரண்டு வட்டம். இலக்கம் கூடக் கூடத் தரம் குறைகிறது என்பதை அம்மம்மாவே கண்டுபிடித்துச் சொன்னார்.

வைத்தியர் சுருக்கெழுத்தில் எழுதினால் படித்தவர்களுக்கும் விளங்காது. அதை வீட்டில் ஊகிக்கக் கூடாது. மருந்து தரும் யன்னலை விட்டு நகருமுன், "காலையில ஒண்டு, இரவில ஒண்டு, சாப்பிட்ட பிறகு, சரியோ?" என்று நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையென்றால் அங்கேயே திருத்துவார்கள். பென்சிலும் கையில் இருந்தால் உறையிலேயே சூரியனையும் நிலாவையும் கீறிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. பரசிற்றமோல் கூடிப்போனால் பிள்ளை முதல் நாள் விளையாடிக்கொண்டே இருக்கும். ஈரலுக்கு வந்த கேடு பிறகுதான் தெரியும். ஆகவே சுகமாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அடுத்த சந்திப்புக்கு ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் ஒரு மருந்து உறையைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மா தன் பிறசர் குளிசை உறையை அன்றே மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் ஒரு சூரியன் ஏற்கனவே கீறியிருந்தது. கொஞ்சம் கோணல்தான். ஆனால் சரியான இடத்தில் இருந்தது.